அமுக்கினேன், வரல

போன வருடம் முழுக்க ராத்திரி நேரங்களில் ஒரு சின்ன சண்டை கேம் செய்துகொண்டிருந்தேன். ஒரு மேடை, இரண்டு ஆட்கள், ஆளுக்கு ஒரு லேசான பஞ்ச், ஒரு கனமான பஞ்ச், ஒரு கிக். கோடாட் என்ற இலவச கேம் எஞ்சினில் எழுதியது. ஆட்டம் ஓரளவு ஓடத் தொடங்கியதும் தம்பியிடம் கொடுத்தேன். அவன் பள்ளி நாளிலிருந்தே சண்டை கேம் ஆடுகிறவன். விரல் வேகம் அவனுக்கு என்னைவிடப் பல மடங்கு அதிகம்.

கேமில் நான் வைத்திருந்த முதல் காம்போ ரொம்ப எளிமையானது. லேசான பஞ்ச் படுகிறது, எதிராளி நிலைகுலைகிறான், அவன் சுதாரிப்பதற்குள் கனமான பஞ்சும் படுகிறது. இரண்டு அடி, அவ்வளவுதான். தம்பிக்கு அது நாலு முறைக்கு ஒரு முறை வந்தால் அதிகம்.

"அக்கா, நான் அமுக்கினேன். வரல."

"சீக்கிரம் அமுக்கியிருப்பே. இல்லேன்னா லேட்டா அமுக்கியிருப்பே. பழகப் பழக வரும்."

இந்த உரையாடல் இரண்டு வாரம் எங்கள் வீட்டில் நடந்தது. அவன் அமுக்கினேன் என்று சொல்ல, நான் பழகு என்று சொல்ல, ஒருநாள் கண்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். கோபமாகக்கூட இல்லை, அலுப்பாகப் போனான். அதைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்து, அவன் சொல்வது உண்மையா என்று சோதித்தேன்.

அவன் சொன்னது உண்மைதான். அவன் அமுக்கினான். கேம் அதைப் பார்க்கவும் செய்தது. பார்த்த மறுகணமே தூக்கி எறிந்தது.

இது எப்படி நடக்கிறது என்று புரிய, அந்தக் காம்போவை ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சண்டை கேம்கள் பொதுவாக நொடிக்கு 60 ஃபிரேம் என்ற கணக்கில் ஓடுகின்றன. ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 16.7 மில்லிசெகண்ட். கேமுக்குள் நடக்கும் எதுவும் இந்த அளவைவிடச் சிறிதாக நடக்காது. ஒரு பஞ்ச் என்றால் கை நீளச் சில ஃபிரேம், பட்டால் அடி விழும் சில ஃபிரேம், கையை உள்ளே இழுக்கச் சில ஃபிரேம். கை உள்ளே வந்து முடியும்வரை ஆள் வேறு எதுவும் செய்ய முடியாது.

என் லேசான பஞ்சுக்கு மொத்தம் 12 ஃபிரேம். நான்காவது ஃபிரேமில் கை போய்ப் படுகிறது. பன்னிரண்டாவது ஃபிரேமில் கை முழுதாகத் திரும்பிவிடும். 13ஆவது ஃபிரேமில் ஆள் மறுபடி சுதந்திரம். அடி வாங்கியவனோ 17ஆவது ஃபிரேம்வரை நிலைகுலைந்தே நிற்கிறான். இந்த நிலைகுலைவைத்தான் ஹிட்ஸ்டன் என்கிறார்கள். 18ஆவது ஃபிரேமில் அவனும் சுதாரித்துக்கொண்டு தடுக்கலாம்.

கனமான பஞ்ச் தொடங்கிய ஐந்தாவது ஃபிரேமில் படும். அதை 13ஆவது ஃபிரேமில் தொடங்கினால் 13, 14, 15, 16, 17 என்று எண்ணி 17இல் படும். எதிராளி அப்போதும் நிலைகுலைந்திருப்பதால் காம்போ விழும். ஒரு ஃபிரேம் தாமதித்து 14இல் தொடங்கினால் 18இல் படும். எதிராளி தடுத்துவிடுவான். ஆக, கனமான பஞ்சைத் தொடங்குவதற்கு இருக்கும் நேரம் ஒரே ஒரு ஃபிரேம். ஒரு அடி முழுதாக முடிந்த பிறகு அடுத்த அடியைத் தொடங்கிக் கோப்பதை லிங்க் என்பார்கள். இப்படி ஒரே ஃபிரேமில் தொடங்கியாக வேண்டிய லிங்க்கை ஆடுகிறவர்கள் 'ஒன் ஃபிரேம் லிங்க்' என்பார்கள்.

இதுவரை எந்தத் தவறும் இல்லை. அடி எப்போது தொடங்கினால் படும் என்பது கேமின் விதி. தவறு, நான் பட்டனைப் படித்த விதத்தில் இருந்தது.

```gdscript
func _physics_process(_delta):
    if state == IDLE and Input.is_action_just_pressed("heavy"):
        start_move("heavy")
```

`is_action_just_pressed` என்பது பட்டன் அமுங்கிய அந்த ஒரு ஃபிரேமில் மட்டும் ஆம் என்று சொல்லும். அடுத்த ஃபிரேமில் விரல் பட்டன் மேலேயே இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லும். அப்படித்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் பட்டனைப் பிடித்திருக்கும்வரை பஞ்ச் வந்துகொண்டே இருக்கும். ஆனால் என் கோடு கேட்கும் கேள்வி என்ன? "இப்போது ஆள் சுதந்திரமாக இருக்கிறானா, இதே ஃபிரேமில் பட்டனும் அமுங்கியதா?" இரண்டும் ஒரே ஃபிரேமில் உண்மையாக இருக்க வேண்டும். 12ஆவது ஃபிரேமில் அமுக்கினால் பட்டன் அமுங்கியது உண்மை, ஆள் இன்னும் சுதந்திரமாகவில்லை. 13ஆவது ஃபிரேமில் ஆள் சுதந்திரம், பட்டன் அமுங்கியது பழைய கதை. எதுவும் நடக்காது. ஒரு ஃபிரேம் லேட்டாக அமுக்கியவனுக்காவது பஞ்ச் வந்து தடுக்கப்படும். ஒரு ஃபிரேம் முன்னால் அமுக்கியவனுக்குப் பஞ்சே வராது. அதனால்தான் தம்பி "தப்பா வருது" என்று சொல்லாமல் "வரல" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ஒரு சொல்லிலேயே விடை இருந்திருக்கிறது.

காம்போ ஏன் விழவில்லை என்று தெரியாமல் தவிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அமுக்கிய பட்டன்களைத் திரையிலேயே வரிசையாக வரைந்து காட்டுங்கள் என்பதுதான். பெரிய கேம்களின் பயிற்சி முறையில் திரையின் ஓரத்தில் ஓடுமே, அதேபோல. நான் கூடவே ஒவ்வொரு பட்டனும் முந்தைய அடியின் எத்தனையாவது ஃபிரேமில் வந்தது என்ற எண்ணையும் எழுதவைத்தேன். பிரச்சினை எங்கே என்று அது பிரித்துக் காட்டிவிடும். அமுக்கியும் திரையில் பட்டனே வரவில்லை என்றால் கோளாறு கீபோர்டிலோ கண்ட்ரோலரிலோ இருக்கிறது. மலிவான கீபோர்டுகளில் மூன்று விசையைச் சேர்த்து அமுக்கினால் ஒன்று விழுங்கப்படுவது சாதாரணம். பட்டன் திரையில் வந்து, அடி வந்து, அது தடுக்கப்பட்டால் லேட். பட்டன் திரையில் வந்தும் அடியே வரவில்லை என்றால், கேம் பார்த்துவிட்டு மறந்திருக்கிறது.

தம்பியைக் கூப்பிட்டு மறுபடி ஆடச் சொன்னேன். அந்தக் காம்போவை மட்டும், திரும்பத் திரும்ப. எண்கள் ஓடின: 11, 12, 12, 10, 13, 11, 14, 12. இதில் விழுந்தது 13 ஒன்றுதான். 14 லேட். மிச்சம் ஆறும் சீக்கிரம். ஆறும் மூன்று ஃபிரேமுக்குள், அதாவது 50 மில்லிசெகண்டுக்குள் இருந்தன. இவ்வளவு துல்லியமாக அமுக்கியவனிடம்தான் நான் பழகு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

தவறியதெல்லாம் ஏன் சீக்கிரமாகவே இருக்கிறது என்பதும் யோசித்தால் புரிகிறது. 13ஆவது ஃபிரேம் வந்துவிட்டது என்று திரையில் எந்த அடையாளமும் இல்லை. கை திரும்பும் கடைசி இரண்டு மூன்று படங்களும் சும்மா நிற்கும் படமும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ஆடுகிறவர் கண்ணால் பார்த்து அமுக்குவதில்லை, தாளத்தால் அமுக்குகிறார். டப், டப் என்று கையில் ஓடும் தாளம் அது. முதல் அடி பட்டதும் அடுத்தது எப்போது என்று விரல் முன்கூட்டியே முடிவெடுத்துவிடுகிறது. சரி, அந்தத் தாளம் 16.7 மில்லிசெகண்ட் கட்டத்துக்குள் ஒவ்வொரு முறையும் விழ வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

கணக்கும் இரக்கமில்லாதது. ஒரு லிங்க் பாதி முறை விழும் என்று வைத்துக்கொண்டால், மூன்று லிங்க் உள்ள காம்போ எட்டில் ஒருமுறைதான் முழுதாக விழும். அதே லிங்க் பத்தில் ஒன்பது முறை விழுந்தால், மூன்றும் சேர்ந்து நூற்றுக்கு 73 முறை விழும். ஒரு லிங்க்கில் செய்யும் சின்ன மாற்றம் நீண்ட காம்போவில் பெரிய வித்தியாசமாகிறது.

காம்போ என்பதே யாரும் திட்டமிட்டு வைத்தது இல்லை என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 கேமைச் செய்தபோது, அதன் தயாரிப்பாளர் நோரிடாகா ஃபுனாமிசு காரை உடைக்கும் போனஸ் கட்டத்தில் பிழை தேடிக்கொண்டிருந்தார். ஓர் அடி விழுந்து அது முடிவதற்குள் இன்னொரு அடியைக் கோக்க முடிகிறது என்று அப்போது கவனித்தார். அதற்கான நேரம் மிகக் குறுகலாக இருந்ததால், ஆடுகிறவர்களுக்குப் பயன்படாது என்று நினைத்துப் பிழையை அப்படியே விட்டுவைத்தார்கள். ஆடுகிறவர்கள் அதைக் கண்டுபிடித்து வளர்த்து, அதுவே இந்த வகைக் கேமின் உயிராகிவிட்டது.

பின்னால் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 கேமில் பல ஆட்களின் முக்கியமான காம்போக்கள் ஒரு ஃபிரேம் லிங்க்கை நம்பியே இருந்தன. சீக்கிரம் அமுக்கிய பட்டனை லிங்க்குக்காக நினைவு வைத்துக்கொள்ளும் வசதி அதில் இல்லை. அதை ஆடியவர்கள் கண்டுபிடித்த வழியை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. பெயர் பிளிங்க். அந்தக் கேமில் இரண்டு பட்டன் சேர்ந்திருந்தால் கனமான பட்டனுக்கு முன்னுரிமை. கனமான பஞ்சை அமுக்கி, அதை விடாமல், ஒரே ஒரு ஃபிரேம் கழித்து லேசான பஞ்சையும் அமுக்கினால் என்ன ஆகும்? முதல் ஃபிரேமில் கேமுக்குக் கனமான பஞ்ச் தெரிகிறது. இரண்டாவது ஃபிரேமில் புதிதாக ஒரு பட்டன் வந்திருக்கிறது, ஆனால் கூடவே கனமானதும் இருப்பதால் முன்னுரிமைப்படி மறுபடி கனமான பஞ்ச் என்றே எடுத்துக்கொள்கிறது. ஒரே விரல் அசைவில் அடுத்தடுத்த இரண்டு ஃபிரேமில் ஒரே அடி. ஒரு ஃபிரேமாக இருந்த நேரம் இரண்டு ஃபிரேமாகிவிட்டது.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மேசையில் தட்டுவதுபோல இரண்டு விரலைச் சற்றே முன்பின்னாக இறக்குவதற்கு அவர்கள் மாதக்கணக்கில் பழகினார்கள். கேமில் இல்லாத அந்த நினைவு வசதியை, அதாவது பஃபரை, தங்கள் விரல்களாலேயே கட்டிக்கொண்டார்கள் என்றுதான் நான் பார்க்கிறேன். 2016இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 அதைக் கேமுக்குள்ளேயே கொண்டுவந்தது. சீக்கிரம் அமுக்கிய பட்டனைச் சில ஃபிரேம்கள் நினைவில் வைத்துக்கொண்டதால் மிகக் கடினமான லிங்க்குக்கும் மூன்று ஃபிரேம் இடம் கிடைத்தது. பிளிங்க் தேவையற்றுப்போனது.

என் கேமுக்குத் திரும்புகிறேன். செய்ய வேண்டியது எளிது. பட்டன் அமுங்கியதைக் கேட்பதையும், அடியைத் தொடங்குவதையும் பிரிக்க வேண்டும். அமுங்கியதும் ஒரு எண்ணை வைத்துக்கொள். ஃபிரேமுக்கு ஒன்றாகக் குறை. ஆள் சுதந்திரமாகும்போது எண் மிச்சமிருந்தால் அடியைத் தொடங்கு. இதுதான் இன்புட் பஃபர்.

```gdscript
const BUFFER = 4
var heavy_left = 0

func _physics_process(_delta):
    if Input.is_action_just_pressed("heavy"):
        heavy_left = BUFFER
    if state == IDLE and heavy_left > 0:
        start_move("heavy")
    if heavy_left > 0:
        heavy_left -= 1
```

இது நான் அன்று எழுதிய முதல் வடிவம். இதில் இரண்டு பிழை இருக்கிறது, கீழே சொல்கிறேன். முதலில் இது என்ன செய்கிறது என்று பாருங்கள். அமுக்கிய ஃபிரேமில் எண் 4. அடுத்தடுத்த ஃபிரேம்களில் 3, 2, 1. அதற்குப்பின் மறந்துவிடும். ஆகவே 10, 11, 12, 13 ஆகிய எந்த ஃபிரேமில் அமுக்கினாலும் கனமான பஞ்ச் 13இல் தொடங்கும். தம்பியின் எட்டு முயற்சிகளை மறுபடி எண்ணிப் பாருங்கள். 14 தவிர எல்லாமே விழுந்திருக்கும். கேமின் விதியில் ஒன்றும் மாறவில்லை. அடி அதே 13ஆவது ஃபிரேமில்தான் தொடங்குகிறது, 17இல்தான் படுகிறது. எதிராளிக்கு எந்த நஷ்டமும் இல்லை.

எண்ணை மில்லிசெகண்டில் வைக்காமல் ஃபிரேமில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கணினி ஒரு கணம் திணறினால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், ஆட்டம் நின்றிருக்கும். பஃபர் ஆட்டத்தோடு சேர்ந்து நிற்க வேண்டும்.

தம்பி ஆடினான். லிங்க் விழுந்தது, மறுபடி விழுந்தது. அப்புறம் ஐந்து நிமிடத்தில் நிறுத்தினான்.

"அக்கா, ஒரு தடவைதான் அமுக்கறேன். ரெண்டு பஞ்ச் வருது."

திரையில் பார்த்தால் ஒரே ஒரு பட்டன். மேடையில் இரண்டு லேசான பஞ்ச். அதுவும் எப்போதும் இல்லை. காற்றில் குத்தினால் ஒன்றுதான். எதிராளிமேல் பட்டால் மட்டும் இரண்டு. இது எனக்கு ஒரு ராத்திரியைத் தின்றது.

மூன்று பட்டனுக்கும் ஒரே மாதிரி பஃபர் எழுதியிருந்தேன். லேசான பஞ்ச் பட்டுவிட்டால் அது முடியும்வரை காத்திருக்காமல் இடையிலேயே வெட்டி இன்னொரு லேசான பஞ்சைத் தொடங்கலாம் என்றும் ஒரு விதி வைத்திருந்தேன். இதைக் கேன்சல் என்பார்கள். அடி பட்டதும் இருவரும் 8 ஃபிரேம் அப்படியே உறைந்து நிற்பார்கள், அடியின் கனம் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக. இதற்கு ஹிட்ஸ்டாப் என்று பெயர். உறைந்திருக்கும் நேரம் மேலே சொன்ன கணக்கில் சேராது, இருவரும் சேர்ந்தே நிற்பதால். என் பழைய கோடில் ஹிட்ஸ்டாப் இப்படி இருந்தது:

```gdscript
    if hitstop > 0:
        hitstop -= 1
        return
```

இந்த வரிகள் நகர்த்தும் வேலைகளுக்கெல்லாம் முன்னால், ஃபங்ஷனின் உச்சியில் இருந்தன. இப்போது தம்பியின் ஒற்றைப் பட்டனைப் பின்தொடருங்கள். முதல் ஃபிரேமில் அமுக்குகிறான், எண் 4, பஞ்ச் உடனே தொடங்குகிறது. எண்ணை நான் அழிக்கவில்லை. மூன்று ஃபிரேம் கழித்துக் கை படும்போது எண் 1 மிச்சமிருக்கிறது. அடி பட்டதும் ஹிட்ஸ்டாப் தொடங்கி ஃபங்ஷன் உச்சியிலேயே திரும்பிவிடுவதால், அந்த 1 அப்படியே உறைந்து நிற்கிறது. 8 ஃபிரேம் முடிந்து ஆட்டம் நகரும்போது கேன்சல் திறந்திருக்கிறது, எண்ணும் 1 இருக்கிறது. இரண்டாவது பஞ்ச் தானாகக் கிளம்புகிறது. காற்றில் குத்தினால் ஹிட்ஸ்டாப்பும் இல்லை, கேன்சலும் இல்லை. எண் பேசாமல் தீர்ந்துபோகிறது.

தீர்வு ஒரே வரி. அடியைத் தொடங்கும்போதே எண்ணைப் பூஜ்யமாக்க வேண்டும். ஒருமுறை அமுக்கியதற்கு ஓர் அடி கொடுத்தாயிற்று என்றால் கணக்கு முடிந்தது.

ஆனால் அதைத் திருத்தும்போதுதான் இரண்டாவது பிழை கண்ணில் பட்டது. அது இதைவிட மோசமானது, ஏனென்றால் அது வெளியே தெரியவே தெரியாது. ஹிட்ஸ்டாப்பின்போது ஃபங்ஷன் உச்சியிலேயே திரும்பிவிடுகிறது என்றால், பட்டனைக் கேட்கும் வரியும் ஓடுவதில்லை. அந்த 8 ஃபிரேம், 133 மில்லிசெகண்ட், கேமுக்குக் காது இல்லை. ஆடுகிறவர் சரியாக எப்போது அமுக்குவார்? அடி பட்ட சத்தம் கேட்டு, திரை உறைவதைப் பார்த்து, "பட்டுவிட்டது" என்று தெரிந்த கணத்தில் அமுக்குவார். அதாவது ஹிட்ஸ்டாப்புக்குள்ளேயே. கேன்சல் பட்டனுக்கு மிகத் தகுந்த நேரமே நான் காதைப் பொத்திக்கொண்ட நேரமாக இருந்திருக்கிறது.

பட்டனைக் கேட்கும் வரியை ஹிட்ஸ்டாப்புக்கு மேலே கொண்டுபோனேன். அதுவும் போதாது. எண்ணைக் குறைக்கும் வரியையும் சேர்த்து மேலே கொண்டுபோனால் என்ன ஆகும்? உறைந்த 8 ஃபிரேமில் மூன்றாவதில் அமுக்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3, 4, 5, 6 ஆகிய ஃபிரேம்களில் எண் உயிரோடு இருந்துவிட்டு, ஆட்டம் நகர்வதற்கு இரண்டு ஃபிரேம் முன்பே செத்துவிடும். ஆகவே கேட்பது எப்போதும் நடக்க வேண்டும், குறைப்பது ஆட்டம் நகரும்போது மட்டும் நடக்க வேண்டும்.

```gdscript
func _physics_process(_delta):
    if Input.is_action_just_pressed("heavy"):
        heavy_left = BUFFER
    if hitstop > 0:
        hitstop -= 1
        return
    if can_start("heavy") and heavy_left > 0:
        heavy_left = 0
        start_move("heavy")
    if heavy_left > 0:
        heavy_left -= 1
```

`can_start` என்பது ஆள் சுதந்திரமாக இருக்கிறானா, இல்லையென்றால் கேன்சலாவது திறந்திருக்கிறதா என்று பார்க்கும் ஃபங்ஷன். மற்ற வரிகள் கிட்டத்தட்ட அதேதான், வரிசைதான் மாறியது. இன்று யாராவது தங்கள் கேமில் கேன்சல் சில சமயம் வருகிறது, சில சமயம் வரவில்லை என்று சொன்னால், ஹிட்ஸ்டாப் வரி எங்கே இருக்கிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

நான்கு என்ற எண்ணுக்கு எப்படி வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். லிங்க் விழத் தொடங்கிய சந்தோஷத்தில் ஒருநாள் அதை 12 ஆக்கிப் பார்த்தேன். நினைவு நல்லதென்றால் நிறைய நினைவு இன்னும் நல்லதுதானே என்று தோன்றியது. காம்போ கண்ணை மூடிக்கொண்டு விழுந்தது. ஆனால் தம்பி முகம் சுளித்தான். "வேண்டாத அடியெல்லாம் வருது அக்கா. நான் பிளாக் பண்ணணும்னு நினைக்கறேன், இவன் குத்தறான்."

12 ஃபிரேம் என்பது 200 மில்லிசெகண்ட். அதற்குள் கண் பார்த்து, மனசு மாறிவிடும். லேசான பஞ்ச் தொடங்கியதுமே அடுத்து கனமானதையும் அமுக்கிவிடுகிறான். எதிராளி முதல் பஞ்சைத் தடுக்கிறான். அதைப் பார்த்ததும் இவன் பின்வாங்கித் தடுக்க நினைக்கிறான். ஆனால் பழைய பட்டன் இன்னும் உயிரோடு இருக்கிறது. 13ஆவது ஃபிரேமில் கனமான பஞ்ச் கிளம்பி, அதுவும் தடுக்கப்பட்டு, கை திரும்பும் நீண்ட நேரத்தில் இவன் அடி வாங்குகிறான். அவன் கைவிட்ட முடிவை கேம் கைவிடவில்லை.

இந்தக் குறை பெரிய கேம்களிலும் பேசப்பட்டதுதான். நின்டெண்டோவின் ஸ்மாஷ் பிரதர்ஸ் வரிசையில் 2001இல் வந்த மெலீயில் பஃபர் ஏறக்குறைய இல்லை. 2008இல் வந்த பிராலில் 10 ஃபிரேம். 2018இல் வந்த அல்டிமேட்டில் 9 ஃபிரேம், பட்டனைப் பிடித்திருந்தால் இன்னும் கூட நீளும். நினைக்காத அசைவு வந்துவிடுகிறது என்று அல்டிமேட் ஆடுகிறவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கலாம். அவர்களின் அலுப்பும் தம்பியின் அலுப்பும் ஒன்றே.

நான் 6 வைத்தேன், 5 வைத்தேன், கடைசியில் 4இல் நின்றேன். காரணம் அந்தப் பழைய எண் வரிசைதான். அவன் சீக்கிரம் அமுக்கியதெல்லாம் 10க்கும் 12க்கும் நடுவில் இருந்தது. அதற்குமேல் நினைவு வைத்துக்கொள்வது அவனுக்கு உதவவில்லை. ஆடுகிறவர் எவ்வளவு தவறுகிறார் என்று அளந்து, அந்த அளவுக்கு மட்டும் நினைவு கொடுப்பது சரி என்று எனக்குப் படுகிறது. வேறு கேமுக்கு வேறு எண் வரலாம்.

பஃபர் வைத்தால் திறமைக்கு மதிப்பில்லாமல் போய்விடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒரு ஃபிரேம் லிங்க்கை மாதக்கணக்கில் பழகியவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது, அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் என் கேமில் நான் பார்க்க விரும்பும் திறமை, பட்டுவிட்டதா தடுத்தானா என்று கவனித்து அடுத்ததைத் தேர்ந்தெடுப்பது. தாளம் இப்போதும் வேண்டும். 9இல் அமுக்கினால் வராது, 14இல் அமுக்கினால் தடுக்கப்படும்.

அந்த 14தான் பஃபரால் முடியாத இடம். நேற்று அமுக்கியதை இன்று நினைவில் வைக்கலாம், நாளை அமுக்கப்போவதை எப்படி வைப்பது? லேட்டாக அமுக்குவதற்கு இடம் கொடுக்க வேண்டுமென்றால் விதியையே மாற்ற வேண்டும். லேசான பஞ்சின் ஹிட்ஸ்டன்னை ஒரு ஃபிரேம் கூட்டினேன். எதிராளி இப்போது 18வரை நிலைகுலைந்திருப்பான். 14இல் தொடங்கினாலும் 18இல் பட்டுவிடும். 10 முதல் 14வரை ஐந்து ஃபிரேம், 83 மில்லிசெகண்ட். ஆனால் இதை எல்லா அடிக்கும் செய்யவில்லை. ஹிட்ஸ்டன் கூடினால் அதுவரை கோக்க முடியாத வேறு அடிகளும் கோக்க முடிந்தவை ஆகிவிடும், நினைக்காத காம்போக்கள் திறந்துகொள்ளும். பஃபரில் அந்த ஆபத்து இல்லை. அதனால் முதலில் பஃபர், அது போதாத இடத்தில் மட்டும் ஹிட்ஸ்டன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்துச் சில வாரம் கழித்து, தம்பி இன்னொன்று கொண்டுவந்தான். கீழே அழுத்தி கிக் அமுக்கினால் காலை வாரும் அடி வரவேண்டும். லேசான பஞ்சுக்குப் பிறகு அதைக் கோத்தால் சில சமயம் நின்றபடி உதைக்கும் கிக் வருகிறது.

இந்தமுறை நான் பழகு என்று சொல்லவில்லை. நேரே எண் வரிசையைப் பார்த்தேன். 10ஆவது ஃபிரேமில் கீழும் கிக்கும் சேர்ந்து வந்திருக்கிறது. 12ஆவது ஃபிரேமில் கீழ்விசை விடப்பட்டிருக்கிறது. 13இல் கிக் தொடங்கும்போது என் கோடு, அந்தக் கணத்தில் கீழே அழுத்தியிருக்கிறானா என்று புதிதாகக் கேட்கிறது. இல்லை. ஆகவே நின்ற கிக். கிக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டேன், அது எந்தத் திசையோடு சேர்ந்து வந்தது என்பதை வைத்துக்கொள்ளவில்லை. பட்டன் அமுங்கிய ஃபிரேமில் திசையையும் கூடவே எழுதிவைத்து, அடியைத் தொடங்கும்போது அந்தத் திசையையே பயன்படுத்தும்படி மாற்றினேன்.

மாற்றிவிட்டு அவனைக் கூப்பிட்டேன். லேசான பஞ்ச், கனமான பஞ்ச், லேசான பஞ்ச், காலை வாரும் கிக். திரையின் ஓரத்தில் எண்கள் ஓடின: 11, 12, 10. எதிராளி தரையில் கிடந்தான். தம்பி ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி ஆரம்பித்தான்.